சர்க்கரை இருக்கிறவர்களுக்குப் பழுப்பா, புழுங்கலா, பச்சரிசியா?

ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கே பெரும்பாலான வீடுகளில் முதலில் மாறுவது அரிசிதான். வெள்ளை கெட்டது, பழுப்பு நல்லது, புழுங்கல் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று எல்லோரும் ஒரே கோட்டில் மூன்றையும் வரிசையாக நிறுத்திவிடுவார்கள். நானும் அப்படித்தான் நிறுத்தினேன், ஒரேயடியாக ஐந்து கிலோ பழுப்பு அரிசி வாங்கி வந்தேன், வேகவே மாட்டேன் என்கிறது என்று எல்லோரும் ஒதுக்க, பாதி டப்பாவிலேயே கிடந்து ஒரு நாள் திறந்தபோது பழைய எண்ணெய் நாற்றம் அடித்தது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கொஞ்சம் படித்தேன். அந்த வரிசையே தப்பு.

ஏன் தப்பு என்றால், இங்கே இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. நெல்லில் உமியை எடுத்த பிறகு மேலே இருக்கும் தவிட்டுத் தோலையும் நுனியில் இருக்கும் முளையையும் எடுத்தார்களா இல்லையா என்பது ஒன்று. எடுக்காவிட்டால் பழுப்பு அரிசி, எடுத்துப் பட்டை தீட்டினால் வெள்ளை. நெல்லை உமியோடு ஊறவைத்து ஆவியில் வேகவைத்துக் காயவைத்தார்களா இல்லையா என்பது இன்னொன்று. வேகவைத்தால் புழுங்கல், வேகவைக்காமல் அரைத்தால் பச்சை. முதல் கேள்வி நார்ச்சத்தைத் தீர்மானிக்கிறது, இரண்டாவது கேள்வி மாவுச்சத்து உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை மாற்றுகிறது. ரத்தச் சர்க்கரையில் இரண்டுக்கும் பங்கு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இப்படிப் பார்த்தால் கணக்குப்படி நாலாவதாக ஒன்று வருகிறது, அதாவது புழுக்கியும் தவிடு நீக்காமலும் இருக்கும் அரிசி. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

வாங்கிய அரிசி எது என்று பொட்டலத்தில் எழுதியிருப்பதை நம்ப வேண்டியதில்லை, பத்து மணியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாலே போதும். மணியின் ஒரு நுனியில் சின்னதாகக் கடித்து எடுத்தது போலப் பள்ளம் இருந்தால் அங்கே இருந்த முளை போய்விட்டது, அதாவது பட்டை தீட்டிய அரிசி. நுனி நிரம்பி, மேலே பழுப்புத் தோல் முழுசாக மூடியிருந்தால் தவிடு நீக்காதது. தோல் அங்கங்கே கோடுகோடாக மட்டும் ஒட்டியிருந்தால் பாதி தீட்டியது. புழுங்கல் மணி கண்ணாடி போல ஒளி ஊடுருவும், லேசாக மஞ்சள் கலந்திருக்கும். பச்சரிசி வெளிறி வெள்ளையாக இருக்கும், சில மணிகளின் வயிற்றில் சுண்ணாம்பு தடவியது போல ஒரு வெண்மை தெரியும். புழுங்கலின் அந்த மஞ்சள் நிறத்தைப் பார்த்துவிட்டு அதைத்தான் பழுப்பு அரிசி என்று நினைக்கிறவர்கள் நிறைய. அது தவிட்டின் நிறம் இல்லை, புழுக்கும்போது வந்த நிறம்.

சரி, நார்ச்சத்து. எல்லோரும் பழுப்பு அரிசிக்கு மாறச் சொல்லும் முதல் காரணம் இதுதான், ஆனால் எண்ணைப் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். வேகாத அரிசி 100 கிராமுக்குப் பழுப்பில் சுமார் மூன்றரை கிராம் நார்ச்சத்து, வெள்ளைப் புழுங்கலில் இரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு, பச்சரிசியில் ஒன்றேகால் கிராம் அளவில் இருக்கும் (ரகத்துக்கும் தீட்டிய அளவுக்கும் ஏற்ப ஏறி இறங்கும்). ஒரு வேளைக்கு ஒருவர் 75 கிராம் அரிசி போட்டுச் சமைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சரிசியிலிருந்து பழுப்புக்கு மாறினால் அந்த வேளையில் அவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஒன்றரைக் கிராம் சொச்சம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 25 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏழு கிராமுக்கு மேல் நார்ச்சத்து இருக்கிறது. அதாவது தட்டில் நாலைந்து ஸ்பூன் கடலையோ பயறோ கூட வைத்தால் அரிசியை மாற்றியதில் கிடைத்ததைவிட அதிகமாகவே கிடைத்துவிடும். பழுப்பு அரிசியை யாராவது நார்ச்சத்துக்காக மட்டும் கஷ்டப்பட்டு மென்றுகொண்டிருந்தால் அவருக்கு நான் சொல்வது இதுதான்.

இதனால் தவிடு வீண் என்று அர்த்தமில்லை. தவிட்டிலும் முளையிலும்தான் மெக்னீசியம், பி வைட்டமின்கள் எல்லாம் குவிந்திருக்கின்றன. மெக்னீசியம் மட்டும் எடுத்தால் பழுப்பில் வெள்ளையைவிட நாலு மடங்குக்குக் குறையாது. புழுங்கலில் இதில் ஒரு தந்திரம் நடக்கிறது. நெல் ஊறி ஆவியில் வேகும்போது தவிட்டில் இருக்கும் தயாமின் போன்ற சத்துகள் தண்ணீரில் கரைந்து உள்ளே போய் மணியின் நடுவில் படிகின்றன, பிறகு தவிட்டைத் தீட்டி எடுத்தாலும் அவற்றில் ஒரு பங்கு உள்ளே தங்கிவிடுகிறது. பச்சரிசிக்கு அந்த வாய்ப்பு இல்லை, தவிடு போனால் அதோடு எல்லாம் போச்சு.

இனி சர்க்கரைக்கு வருவோம். ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்பதை, உடம்பு கிரகிக்கக்கூடிய 50 கிராம் மாவுச்சத்து வருகிற அளவுக்கு அந்த உணவைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் ரத்தத்தைச் சோதித்து, அதே அளவு குளுக்கோஸ் கொடுத்தபோது வந்ததோடு ஒப்பிட்டு ஒரு எண்ணாகச் சொல்வார்கள். அதுதான் கிளைசீமிக் குறியீடு. குளுக்கோஸ் 100. எழுபதும் அதற்கு மேலும் அதிகம், 55-ம் அதற்குக் கீழும் குறைவு. 2008-இல் வந்த சர்வதேச அட்டவணையின் சராசரியில் வேகவைத்த வெள்ளை அரிசி 73, பழுப்பு அரிசி 68. அவ்வளவுதான் வித்தியாசம். ஐந்து. வெள்ளையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழுப்புக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தவருக்கு இந்த ஐந்து ரொம்பச் சின்னதாகத்தான் தெரியும்.

புழுங்கலுக்கோ ஒரே எண்ணைச் சொல்ல முடியாது, 40-களிலிருந்து 70 வரை பரவிக் கிடக்கிறது. காரணம், புழுக்குவது எவ்வளவு கடுமையாக நடந்தது என்பதும் அரிசி ரகமும் சேர்ந்துதான் அந்த எண்ணை முடிவு செய்கின்றன. நெல்லை ஆவியில் வேகவைக்கும்போது உள்ளே இருக்கும் மாவுச்சத்து ஒருமுறை குழைந்து பசையாகிறது, பிறகு ஆறிக் காயும்போது அதில் ஒரு பகுதி இறுகிப் புதிதாக அடுக்கிக்கொள்கிறது. இப்படி இறுகியதை நாம் மறுபடி சமைத்தாலும் முழுசாக உப்பி உடையாது, ஆகவே குடலில் இருக்கும் நொதிகள் அதை மெதுவாகத்தான் அறுக்க முடிகிறது. அதிக அழுத்த ஆவியில் புழுக்கிய அரிசியில் இது நன்றாகத் தெரியும், லேசாகப் புழுக்கியதில் பச்சரிசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

ரகம் என்று சொன்னேனே, அதற்கும் காரணம் உண்டு. அரிசி மாவுச்சத்து இரண்டு வகை: நேராக நீளும் அமைலோஸ், கிளைகிளையாகப் பிரியும் அமைலோபெக்டின். அமைலோஸ் அதிகம் இருந்தால் சோறு உதிரியாக வரும், ஆறினால் விறைக்கும், செரிப்பது மெதுவாக நடக்கும். அமைலோபெக்டின் அதிகம் என்றால் ஒட்டும், பளபளக்கும், வேகமாகச் சர்க்கரையாகும். ஒட்டும் ரகத்தில் பழுப்பு அரிசி வாங்கினால், உதிரி ரகத்து வெள்ளைப் புழுங்கலைவிட அது சர்க்கரையை அதிகமாக ஏற்றினாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வீட்டில் இதைக் கண்டுபிடிக்கச் சோதனைக்கூடம் எதுவும் வேண்டாம். சமைத்த சோற்றை ஒரு மணி நேரம் ஆறவிட்டு விரலால் பிசைந்து பாருங்கள், மணி மணியாகப் பிரிந்து கொஞ்சம் விறைப்பாக இருந்தால் முதல் வகை, உருண்டையாகச் சேர்ந்தால் இரண்டாவது.

இப்போது அந்த 75 கிராமையே ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். 75 கிராம் பச்சரிசியில் நார்ச்சத்தைக் கழித்தால் மாவுச்சத்து சுமார் 59 கிராம். அதைக் குறியீடு 73-ஆல் பெருக்கி நூறால் வகுத்தால் 43 வருகிறது. உடம்பின் மேல் விழும் சர்க்கரைச் சுமை என்று இதைச் சொல்லலாம். பழுப்பில் மாவுச்சத்து 54 கிராம், குறியீடு 68, சுமை 37. புழுங்கலுக்கு 60 என்று எடுத்துக்கொண்டால் 35, எழுபது என்றால் 41. இனி பச்சரிசியையே வைத்துக்கொண்டு அளவை மட்டும் 75-இலிருந்து 50 கிராமாகக் குறைத்துப் பாருங்கள். சுமை 29. அரிசியை மாற்றாமல், மூன்றில் ஒரு பங்கை எடுத்ததிலேயே மற்ற எல்லாவற்றையும்விடக் கீழே வந்துவிட்டது. இதைத்தான் யாரும் கேட்க விரும்புவதில்லை. பழுப்பு அரிசிதானே என்று ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் மாறியதன் பலன் அந்தக் கரண்டியிலேயே போய்விடும்.

அளவைச் சோற்றில் அல்ல, வேகாத அரிசியில் எடுக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அரிசி வெந்தால் எடை கிட்டத்தட்ட மூன்று மடங்காகும், ஆனால் எவ்வளவு தண்ணீர் குடித்தது என்பதைப் பொறுத்து மாறும். ஒரு கிண்ணம் உதிரிச் சோற்றிலும் ஒரு கிண்ணம் குழைந்த சோற்றிலும் இருக்கும் அரிசி ஒன்றல்ல, கிண்ணக் கணக்கு ஏமாற்றும்.

சமைப்பதைச் சும்மா ருசி விஷயம் என்று தள்ள முடியாது, சர்க்கரை விஷயத்தில் பாதி அடுப்பில்தான் நடக்கிறது. பச்சரிசிதான் மூன்றிலும் சுலபம். இருபது நிமிடம் ஊறவைத்து இரண்டு பங்கு தண்ணீரில் மூடி வைத்தால் சாதாரணப் பாத்திரத்தில் பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடும், ஆனால் அதற்கு மேல் ஐந்து நிமிடம் அசந்துவிட்டால் குழைந்துவிடும். குழைந்தால் மாவுச்சத்து முழுசாக உடைந்துவிட்டது என்று அர்த்தம், அப்போது 73 என்ற எண் இன்னும் மேலேதான் போகும். புழுங்கல் பொறுமைசாலி. அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறல், இரண்டரையிலிருந்து மூன்று பங்கு தண்ணீர், இருபத்தைந்திலிருந்து முப்பது நிமிடம். ஐந்து நிமிடம் கூடினாலும் மணி உடையாது. பாதியில் யாராவது கதவைத் தட்டினால் போய்ப் பேசிவிட்டு வரலாம்.

பழுப்பு அரிசியில்தான் நிறையப் பேர் தோற்கிறார்கள், நானும் தோற்றேன். தவிட்டுத் தோலில் எண்ணெயும் மெழுகும் இருப்பதால் தண்ணீர் உள்ளே போக நேரம் பிடிக்கும். ஊறவைக்காமல் அப்படியே போட்டால் வெளியே தோல் வெடித்து மணி விரிந்திருக்கும், உள்ளே நடுவில் வேகாமல் கடிபடும். அதைப் பார்த்துவிட்டு மேலும் தண்ணீர் ஊற்றி மேலும் அரை மணி வேகவிடுவோம், எல்லாம் குழையும், அப்புறம் பழுப்பு அரிசி சாப்பிட்ட பலன் என்ன மிஞ்சும்? முதல் நாள் இரவே கழுவி ஊறவைத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை (வெயில் காலத்தில் ஃப்ரிஜில் வைத்து ஊறவிடுங்கள், இல்லையென்றால் புளித்துவிடும்). அவசரம் என்றால் குறைந்தது இரண்டு மணி நேரம். அடுப்பில் முப்பத்தைந்திலிருந்து நாற்பத்தைந்து நிமிடம், தண்ணீர் இரண்டரை முதல் மூன்று பங்கு, இறக்கிய பிறகு மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம்.

வெந்ததா என்று பார்க்க மூன்றுக்கும் ஒரே சோதனைதான். ஒரு மணியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்துங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் வேகவில்லை, புள்ளி மறைந்து மணி தட்டையாகிறது ஆனால் கூழாகவில்லை என்றால் அதுதான் நிறுத்த வேண்டிய இடம், நுனிகள் விரிந்து சுருண்டிருந்தால் தாண்டிவிட்டீர்கள். சர்க்கரைக்காரர்களுக்கு வெள்ளைப் புள்ளி மறைந்த அந்த நிமிடம்தான் முக்கியம்.

நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்தால் சர்க்கரை ஏறாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. வடிகஞ்சியில் கொஞ்சம் மாவுச்சத்து போவது உண்மை, ஆனால் பெரும்பகுதி சோற்றிலேயேதான் இருக்கிறது. வடித்த சோறு நன்றாக உதிரியாக நிற்கும், அந்த அளவுக்குக் கொஞ்சம் பலன். பழுப்பு அரிசியில் மட்டும் வடிப்பதற்கு வேறொரு காரணம் இருக்கிறது: மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் நெல் இழுத்துக்கொள்ளும் ஆர்சனிக் தவிட்டில்தான் அதிகம் சேர்கிறது, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் அதில் கணிசமாகக் குறையும். கூடவே பி வைட்டமின்களும் கொஞ்சம் போகும். தினமும் மூன்று வேளையும் பழுப்பு அரிசி என்றால் நான் வடிப்பேன், வாரத்தில் சில நாள் என்றால் கவலைப்பட மாட்டேன்.

சோற்றை ஆறவைத்து ஃப்ரிஜில் ஒரு நாள் வைத்துச் சூடாக்கிச் சாப்பிட்டால் சர்க்கரை குறைவாக ஏறும் என்பதும் உண்மைதான், மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகிச் செரிக்காத வகையாகிறது. புழுக்கும்போது நடந்ததே இங்கே இன்னொரு தடவை நடக்கிறது. ஆனால் சோற்றை அறை வெப்பத்தில் மணிக்கணக்கில் விட்டால் பாசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியா வளர்ந்து நச்சை விட்டுவிடும், அந்த நச்சில் ஒரு வகை மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆகவே தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிஜுக்குள் போக வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும் உங்கள் உடம்புக்கு எது ஒத்துவருகிறது என்பதை அட்டவணை சொல்லாது. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம், ஆனால் முறையாகப் பார்க்க வேண்டும். மூன்று அரிசியையும் வேகாத நிலையில் ஒரே எடை, ஒரே துணைக்கறி, ஒரே அளவு, ஒரே நேரம். சாப்பிடும் முன் ஒன்று, முதல் கவளம் வாய்க்குப் போனதிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒன்று, இரண்டு மணியில் ஒன்று. உதாரணத்துக்கு, சாப்பிடும் முன் 118, பச்சரிசிக்கு ஒரு மணியில் 196, புழுங்கலுக்கு 184 என்று வருகிறது என்று வையுங்கள். புழுங்கல் ஜெயித்துவிட்டது என்று குதிக்காதீர்கள். வீட்டு மீட்டர்களில் நூறுக்கு மேலே பதினைந்து சதவீதம் வரை பிழை அனுமதிக்கப்பட்டதுதான், இந்தப் பன்னிரண்டு அதற்குள்ளேயே அடங்கிவிடும். ஒவ்வொரு அரிசியையும் வெவ்வேறு நாட்களில் மூன்று தடவையாவது பார்த்து, ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் சாய்கிறதா என்று கவனியுங்கள். முப்பது நாற்பது என்று தொடர்ந்து வந்தால் அது நிஜ வித்தியாசம். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்வாக இறக்கிவிடக்கூடிய மாத்திரையோ எடுப்பவர்கள் அரிசியின் அளவைத் திடீரென்று பாதியாக்கக் கூடாது, மருந்தின் அளவையும் மருத்துவரிடம் கேட்டு மாற்ற வேண்டியிருக்கும்.

என்னைக் கேட்டால், சர்க்கரைதான் கவலை, வீட்டில் எல்லோரும் ஒரே சோறு சாப்பிட வேண்டும் என்றால், உதிரியாக வரும் ரகத்தில் புழுங்கல் அரிசியைத்தான் சொல்வேன். சமைக்கத் தொல்லையில்லை, குழையாது, யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், குறைத்துப் போட்டுக்கொண்டு மிச்ச இடத்தைக் காயாலும் பயறாலும் நிரப்பினால் போதும். மெல்லுவதில் சலிப்பில்லாதவர், வாரத்தில் பல வேளை வெறும் சோறே பிரதானம் என்பவர், அவருக்குப் பழுப்பு. அதிலும் கிடைத்தால் அந்த நாலாவது வகை, புழுக்கித் தவிடு நீக்காதது, ஏனென்றால் தவிடும் இருக்கிறது, மாவுச்சத்தும் இறுகியிருக்கிறது. சிறுநீரகக் கோளாறு இருப்பவர் பழுப்பு பக்கம் போகும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும், பாஸ்பரஸும் பொட்டாசியமும் அதில் கூடுதல். வயிறு சரியில்லாதபோதும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கும் தவிடு ஒத்துவராது, அந்த நாட்களுக்குப் பச்சரிசி இருக்கட்டும்.

பழுப்பு என்று முடிவு செய்தால் ஒரேயடியாக மாறாமல் முதல் வாரம் காலே அரைக்கால் பங்கு கலந்து சமைக்கலாம் என்பார்கள், ஆனால் இரண்டும் வேகும் நேரம் வேறு என்பதால் ஒரே பாத்திரத்தில் போட்டால் ஒன்று குழையும், ஒன்று கடிபடும். பழுப்பை ஊறவைத்து இருபது நிமிடம் முன்பே அடுப்பில் ஏற்றிவிட்டு, பிறகு பச்சரிசியைச் சேருங்கள். வாங்கும்போது ஒரு மாதத்துக்கு மேல் வாங்காதீர்கள். தவிட்டு எண்ணெய் காற்றுப் பட்டால் சிக்கெடுத்துவிடும், வெளியே ஆறு மாதம் தாங்கினால் அதிகம், ஃப்ரிஜில் கூடக் கொஞ்ச நாள் வரும். டப்பாவைத் திறந்ததும் பழைய எண்ணெய் அல்லது பெயின்ட் வாடை அடித்தால் கழுவினாலும் போகாது, சமைத்தால் கசக்கும். என்னுடைய இரண்டரை கிலோ அப்படித்தான் போனது.